லண்டன் 1931, வாஷிங்டன் 1971: இரண்டு நாணய ஒழுங்குகள் முறிந்த விதம்

1931 செப்டம்பர் 21, திங்கட்கிழமை. பவுண்டைக் கொடுத்தால் தங்கம் தர வேண்டும் என்ற கடமையிலிருந்து இங்கிலாந்து வங்கியை விடுவிக்கும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் நிறைவேறியது. 1971 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டு அரசுகளும் மத்திய வங்கிகளும் வைத்திருக்கும் டாலர்களுக்கு அமெரிக்கா இனித் தங்கம் தராது என்று குடியரசுத் தலைவர் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். முதலாவது, முதல் உலகப் போருக்குப் பின் மீட்டெடுக்கப்பட்ட தங்கத் திட்டத்தின் முடிவைத் தொடங்கி வைத்தது. இரண்டாவது, 1944-இல் பிரெட்டன் வுட்ஸில் உருவாக்கப்பட்ட நிலைவீத முறையின் முடிவைத் தொடங்கி வைத்தது. இரண்டையும் பற்றிப் பேசும்போது 'தங்கம் போதவில்லை' என்ற ஒரே விடையைச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இரு நிகழ்வுகளிலும் கையிருப்பு கரைந்தது உண்மைதான் என்றாலும், அது கரைந்த காரணங்கள் வேறு. முதல் ஒழுங்கு, அயல்நாட்டுக் கொடுக்கல் வாங்கலில் பற்றாக்குறை கண்ட நாட்டின் மக்களிடம் அவர்கள் தர விரும்பாத விலையைக் கேட்டது. இரண்டாவது ஒழுங்கு அந்த விலையை யாரிடமும் கேட்க முடியாதபடி அமைக்கப்பட்டிருந்தது.

1914-க்கு முன்: விளிம்பில் இருந்த பாதுகாப்பு

தங்கத் திட்டத்தில் நாணயங்களுக்கிடையே வீதத்தை யாரும் தனியாக நிர்ணயிக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தின் தங்க எடையைச் சட்டத்தில் எழுதியது. வீதம் அந்த எடைகளிலிருந்து தானாகவே பிறந்தது. ஒரு பவுண்டு மதிப்புள்ள சாவரின் காசில் 22 காரட் தங்கம் ஏறத்தாழ 8 கிராம் இருந்தது. நம் நகைக்கடைகளில் ஒரு பவுன் என்று நிறுக்கும் அதே அளவுதான். அதில் இருந்த சுத்தத் தங்கத்தை ஒரு டாலரின் தங்கத்தோடு ஒப்பிட்டால், ஒரு பவுண்டுக்கு 4.8665 டாலர் என்ற வீதம் கிடைக்கும்.

சந்தையில் இந்த வீதம் சிறிது ஏறி இறங்கலாம். ஆனால் வெகுதூரம் போக முடியாது. அட்லாண்டிக்கைக் கடந்து தங்கத்தைக் கப்பலில் அனுப்புவதற்குச் சரக்குக் கட்டணம், காப்பீடு, வழியில் இழக்கும் வட்டி எல்லாம் சேர்ந்து ஒரு பவுண்டுக்குச் சில சென்ட்கள் ஆகும். பவுண்டின் விலை 4.8665-இலிருந்து அந்தச் செலவைவிடக் கூடுதலாக இறங்கினால், பவுண்டை விற்று டாலர் வாங்குவதைவிட லண்டனில் தங்கமாக மாற்றி நியூயார்க்குக்கு அனுப்புவதே மலிவாகிவிடும். இந்தக் கீழ் எல்லையையும் அதற்கு இணையான மேல் எல்லையையும் தங்க முனைகள் என்று அழைத்தனர்.

பவுண்டு கீழ் முனையைத் தொடும் நாளில் ஒரு வணிகர் என்ன செய்வார் என்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியமான கேள்வி. 1914-க்கு முன் அவர் பவுண்டை வாங்கினார். வாக்குறுதி மீறப்படும் என்று யாரும் நினைக்காத நிலையில், அதற்குக் கீழே விலை இறங்காது, மேலே மட்டுமே போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே விளிம்பை நெருங்க நெருங்க, தனியார் பணமே வீதத்தை நடுவுக்குத் திரும்பத் தள்ளியது. இங்கிலாந்து வங்கி 1913-இல் 4 கோடி பவுண்டுக்கும் குறைவான தங்கத்தைக் கொண்டு உலக வணிகத்தின் மையமாக இயங்க முடிந்ததன் இரகசியம் இதுவே.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்த கருவி வங்கி வட்டி வீதம். 1907-இல் அமெரிக்காவில் வங்கிப் பீதி எழுந்து லண்டனிலிருந்து தங்கம் வெளியேறத் தொடங்கியதும், இங்கிலாந்து வங்கி ஒரு வாரத்துக்குள் வட்டியை மூன்று முறை உயர்த்தி நவம்பர் 7-இல் 7 விழுக்காட்டுக்குக் கொண்டு போனது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து தங்கம் லண்டனுக்கு வந்தது. அடுத்த ஜனவரித் தொடக்கத்திலேயே வட்டியைக் குறைக்க முடிந்தது. அந்த 7 விழுக்காட்டினால் கடன் கிடைக்காமல் கடையை மூடியவர்களும், வேலை இழந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் வாக்குரிமையும் தொழிற்சங்கமும் குறுகிய வட்டத்தில் இருந்த காலம் அது. வட்டி முடிவை எடுத்தவர்களுக்கு அவர்களிடம் பதில் சொல்லும் கடமை இல்லை.

இந்தக் காலத்தைப் பொற்காலமாக வருணிப்பவர்கள் லண்டனில் நின்று பார்க்கிறார்கள். லண்டனில் வட்டி ஏறியபோது மூலதனம் அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து உறிஞ்சப்பட்டது. அந்த நாடு 1885-இலேயே தங்க மாற்றை நிறுத்த நேர்ந்தது. விளிம்பு நாடுகளில் தங்கத் திட்டம் பலமுறை முறிந்திருக்கிறது. மையத்தில் முறியவில்லை, அவ்வளவுதான்.

1925 முதல் 1931 வரை: அதே வீதம், வேறு நாடு

1914-இல் போர் தொடங்கியதும் தங்கத் திட்டம் நடைமுறையில் நின்றுபோனது. போருக்குப் பின் பிரிட்டனின் விலைவாசி அமெரிக்காவைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. இருந்தும் 1925 ஏப்ரலில் நிதியமைச்சர் சர்ச்சில் பழைய வீதமான 4.8665-க்கே பவுண்டைத் திரும்பக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் பொருள்கள் அதனால் ஏறத்தாழ 10 விழுக்காடு அதிக விலையில் நிற்கும் என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் அப்போதே எழுதினார். அந்த 10 விழுக்காட்டை ஈடுகட்டக் கூலியும் விலையும் இறங்க வேண்டும். தங்கத் திட்டம் எதிர்பார்த்த பாதை அதுதான். நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்க முயன்றனர். 1926 மே மாதம் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் வந்தது. வேலைநிறுத்தம் தோற்றாலும், நாடு முழுவதும் கூலியைக் குறைத்துப் பவுண்டைச் சரிக்கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எதிர்ப் பக்கத்தில் பிரான்ஸ் தன் நாணயத்தை மிகக் குறைந்த மதிப்பில் நிலைநிறுத்தியிருந்தது. 1928-இல் சட்டமாக்கப்பட்ட வீதத்தில் ஒரு பவுண்டுக்கு 124 பிராங்குக்கு மேல் கிடைத்தது. தங்கம் பாரிசுக்குப் பாய்ந்தது. பழைய விதிப்படி, தங்கம் வந்து சேரும் நாட்டில் பணம் பெருகி விலை ஏற வேண்டும். அப்போதுதான் பற்றாக்குறை நாட்டின் சுமை பாதியாகும். பிரான்சும் அமெரிக்காவும் வந்த தங்கத்தைப் பெருமளவு பெட்டகத்திலேயே பூட்டிவைத்தன; 1931 வாக்கில் உலக நாணயத் தங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு இந்த இரு நாடுகளிடம் இருந்தது. தங்கம் இழக்கும் நாட்டுக்குத் தண்டனை தானாக வந்து சேர்ந்தது. தங்கம் குவிக்கும் நாட்டைத் தடுக்க எந்த விதியும் இல்லை. இந்தச் சமமின்மை இரண்டாவது ஒழுங்கிலும் தொடரும்.

1931 மே மாதம் வியன்னாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் நொடித்தது. பீதி ஜெர்மனிக்குப் பரவியது. ஜூலை 13-இல் அங்கே டானாட் வங்கி கதவை மூடியது. ஜெர்மனியில் சிக்கிய பணத்தை எடுக்க முடியாதவர்கள், எடுக்கக்கூடிய இடமான லண்டனை நோக்கித் திரும்பினார்கள். ஜார்ஜ் மே என்பவர் தலைமையில் பிரிட்டிஷ் அரசு அமைத்திருந்த குழு, பட்ஜெட்டில் 12 கோடி பவுண்டு பற்றாக்குறை வரும் என்று அம்மாத இறுதியில் அறிக்கை தந்தது. பீதிக்கு அது எண்ணெய் வார்த்தது.

இப்போது 1907-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து வங்கி ஜூலை இறுதியில் வட்டியை இரு தவணைகளில் 2.5-இலிருந்து 4.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அதன் பிறகு ஏழு வாரங்கள் தங்கமும் டாலரும் வெளியேறிக்கொண்டிருக்க, வட்டி 4.5-லேயே நின்றது. அதற்குப் பதிலாக நியூயார்க்கிலும் பாரிசிலும் ஆகஸ்ட் தொடக்கத்தில் 5 கோடி பவுண்டும், மாத இறுதியில் மேலும் 8 கோடி பவுண்டும் கடன் வாங்கப்பட்டன. வேலையற்றோர் எண்ணிக்கை 27 லட்சத்தைத் தாண்டியிருந்த நாட்டில் 7 அல்லது 8 விழுக்காடு வட்டியை விதிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. கடன் தருபவர்கள் சிக்கன நடவடிக்கை கேட்டார்கள். வேலையற்றோர் உதவித்தொகையை 10 விழுக்காடு குறைப்பதில் தொழிற்கட்சி அமைச்சரவை பிளந்து ஆகஸ்ட் 24-இல் விலகியது. மேக்டொனால்டு தலைமையில் வந்த தேசிய அரசு வெட்டுகளை நடைமுறைப்படுத்தியபோது, ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறைமுகத்தில் கடற்படை மாலுமிகள் செப்டம்பர் 15-இல் பணிக்குச் செல்ல மறுத்தனர். கீழ்நிலை மாலுமி ஒருவரின் நாள்கூலி 4 ஷில்லிங்கிலிருந்து 3 ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டிருந்தது.

மாலுமிகளின் கூலிக்கும் பவுண்டின் வீதத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் சந்தை அதில் படித்த செய்தி தெளிவானது: இந்த அரசால் தேவையான வெட்டுகளைத் தாங்கி நிற்க முடியாது. அப்படியென்றால் வாக்குறுதியும் நிற்காது. அந்தக் கணத்தில் விளிம்பின் பொருள் தலைகீழானது. முன்பு கீழ் முனையில் பவுண்டை வாங்கியவர்கள் இப்போது அதே முனையில் விற்றார்கள். ஜூலை நடுவிலிருந்து வெளியேறிய தொகை 20 கோடி பவுண்டைத் தாண்டியதும் இங்கிலாந்து வங்கி கைவிட்டது. வட்டி 6 விழுக்காட்டுக்கு உயர்ந்தது தங்கத்தைக் கைவிட்ட நாளில்தான்.

பவுண்டு அந்த ஆண்டு இறுதிக்குள் 3.50 டாலருக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் வட்டியை 2 விழுக்காட்டுக்குக் குறைக்க முடிந்தது. அமெரிக்கா 1933 வரையிலும் பிரான்ஸ் 1936 வரையிலும் தங்கத்தைப் பற்றிக்கொண்டிருந்தன. விட்ட வரிசையிலேயே நாடுகள் பெருமந்தத்திலிருந்து எழத் தொடங்கின. இந்தியாவுக்கு அந்த விடுதலையும் முழுமையாகக் கிட்டவில்லை. ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற வீதத்தில் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் பவுண்டோடு சேர்ந்தே இறங்கியது. ரூபாய்க் கணக்கில் தங்க விலை ஏறியது. விளைபொருள் விலை வீழ்ந்து வரியும் கடனும் கட்ட வழியற்றிருந்த குடும்பங்கள் நகைகளை விற்றன. அந்தத் தங்கம் கப்பலேறி லண்டனுக்குப் போய்ப் பவுண்டைத் தாங்கியது.

1931-இல் இன்னொரு காயமும் ஏற்பட்டது. 1920-களின் தங்கத் திட்டத்தில் பல மத்திய வங்கிகள் தங்கத்துக்குப் பதிலாகப் பவுண்டைக் கையிருப்பாக வைத்திருந்தன. பவுண்டு வீழ்ந்தபோது நெதர்லாந்தின் மத்திய வங்கி தன் மூலதனத்தையே இழந்தது. பிரான்ஸ் வங்கிக்கும் பெரும் நட்டம். இன்னொரு நாட்டின் வாக்குறுதியைக் கையிருப்பாக வைத்திருப்பதன் ஆபத்தைப் பாரிஸ் மறக்கவில்லை. 1965-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் டி கோல் டாலரை விட்டுத் தங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசியதை வெறும் அமெரிக்க எதிர்ப்பு என்று ஒதுக்குவோர் இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிரெட்டன் வுட்ஸ்: பாடம் படித்தவர்களின் வடிவமைப்பு

1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கூடிய 44 நாடுகளின் பேராளர்கள் 1931-ஐ மீண்டும் பார்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். வீதத்தைக் காப்பதற்காக வேலையின்மையைத் திணிக்கக் கூடாது என்பதே அவர்கள் கற்ற பாடம். எனவே ஒவ்வொரு நாணயமும் டாலரோடு நிலையான வீதத்தில் கட்டப்பட்டு இரு பக்கமும் 1 விழுக்காடு மட்டுமே அசையும். டாலர் ஓர் அவுன்சுக்கு 35 என்ற விலையில் தங்கத்தோடு கட்டப்படும். தற்காலிகப் பற்றாக்குறைக்குப் பன்னாட்டுப் பண நிதியம் கடன் தரும். அடிப்படையிலேயே சமநிலை குலைந்துவிட்டால் நிதியத்தின் ஒப்புதலோடு வீதத்தை மாற்றலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, ஊகப் பணம் எல்லை தாண்டுவதைத் தடுக்க அரசுகளுக்கு உரிமை இருந்தது. வீதம் நிலையாகவும் உள்நாட்டு வட்டி சுதந்திரமாகவும் இருக்க வேண்டுமென்றால் அந்த வேலி தேவை என்பதைக் கெய்ன்சும் அமெரிக்கத் தரப்பின் ஒயிட்டும் நன்கு அறிந்திருந்தார்கள்.

உபரி நாடுகளும் சுமையில் பங்கேற்க வேண்டும், குவிக்கும் உபரிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற கெய்ன்சின் திட்டத்தை, அன்று உலகின் ஒரே பெரிய உபரி நாடாக இருந்த அமெரிக்கா ஏற்கவில்லை. இந்தியக் குழுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியும் இருந்தார். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியதாகச் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கடனை நிதியத்தின் வழியாகத் தீர்க்க வேண்டும் என்ற அக்குழுவின் கோரிக்கையும் நிறைவேறவில்லை. பணம் வைத்திருந்தவரே விதியை எழுதினார்.

விளிம்பு ஆபத்தானது

1958 இறுதியில்தான் மேற்கு ஐரோப்பிய நாணயங்கள் வணிகத் தேவைகளுக்குத் தடையின்றி மாற்றத்தக்கவையாயின. முறை முழு உருவில் இயங்கத் தொடங்கியது அப்போதுதான். அதே வேளையில் வேலியும் பொத்தல் விழத் தொடங்கியது. வணிகம் பெருகப் பெருக, ஏற்றுமதிக்கான பணத்தைத் தாமதமாகக் கொண்டுவருவது, இறக்குமதிக்கான பணத்தை முன்கூட்டியே கட்டுவது போன்ற வழிகளில் ஊகம் நடந்தது. எந்தச் சுங்க அதிகாரியாலும் அதைப் பிரித்தறிய முடியாது.

வீதத்தை மாற்றலாம் என்று விதி சொன்னாலும் அரசுகள் அதைத் தேசிய அவமானமாகக் கருதி இறுதிவரை ஒத்திப்போட்டன. பிரிட்டன் மூன்று ஆண்டுகள் போராடிவிட்டு 1967 நவம்பரில் பவுண்டை 2.80-இலிருந்து 2.40 டாலருக்கு இறக்கியது. மாற்றம் எப்போதாவது, ஆனால் பெரிய அளவில் வரும் என்பதைச் சந்தை கற்றுக்கொண்டது. அதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம்.

1971 வசந்தத்தில் ஒரு டாலருக்கு 3.66 மார்க் என்பது நிலைவீதம். ஜெர்மன் மத்திய வங்கி அதை 3.63-க்கும் 3.69-க்கும் இடையே வைத்திருந்தது. டாலர் 3.63-ஐத் தொட்டிருக்கும் நாளில் ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலரை விற்று 36.3 லட்சம் மார்க் வாங்குகிறது என்று கொள்வோம். அதன் கணிப்பு தவறி, டாலர் மேல் எல்லையான 3.69 வரை திரும்பினாலும் அந்த மார்க்கைக் கொண்டு ஏறத்தாழ 9.84 லட்சம் டாலரைத் திரும்ப வாங்கலாம். நட்டம் சுமார் 16,000 டாலர். மாறாக மார்க்கின் மதிப்பு, உண்மையில் அவ்வாண்டு டிசம்பரில் நிர்ணயிக்கப்பட்டதைப் போல, 3.2225-க்கு உயர்ந்தால் அதே மார்க் 11.26 லட்சம் டாலராகும். இலாபம் 1,26,000 டாலர். ஒன்றை இழக்கும் வாய்ப்புக்கு எதிரே எட்டைப் பெறும் வாய்ப்பு. 1907-இல் விளிம்பு வீதத்தைக் காத்தது. 1971-இல் அதே குறுகிய விளிம்பு, விற்பவரின் நட்டத்துக்கு உச்சவரம்பு போட்டு அவரை ஊக்குவித்தது. ஒரு நிலைவீதம் பிழைக்குமா என்பதை அறியக் கையிருப்பின் அளவைவிட இந்தக் குறி நம்பகமானது: வீதம் விளிம்பைத் தொடும்போது தனியார் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது?

மே 5 காலையில் சந்தை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஜெர்மன் மத்திய வங்கி 100 கோடி டாலர் வாங்க வேண்டியிருந்தது. வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் மார்க்கை வெளியிட்டாக வேண்டும். அது உள்நாட்டில் பணவீக்கமாக முடியும். வங்கி சந்தையை மூடியது. சில நாளில் மார்க் மிதக்கவிடப்பட்டது.

மையத்தின் சிக்கல்

மற்ற நாடுகள் டாலருக்கு எதிராக வீதத்தை மாற்றலாம். டாலர் எதற்கு எதிராக மாறும்? தங்க விலையை உயர்த்துவதுதான் ஒரே வழி. அது டாலரை நம்பி வைத்திருந்த நட்பு நாடுகளைத் தண்டித்து, தங்கமாக மாற்றிக்கொண்டவர்களுக்குப் பரிசளிக்கும். 1960-இல் பொருளியலாளர் டிரிஃபின் இதன் இன்னொரு முகத்தை எடுத்துக்காட்டினார்: உலக வணிகம் வளர டாலர் கையிருப்பு பெருக வேண்டும், அதற்கு டாலர்கள் அமெரிக்காவிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும், அவை பெருகப் பெருக, 35 டாலருக்கு ஓர் அவுன்ஸ் என்ற வாக்குறுதி நம்பத்தகாததாகும்.

டிரிஃபின் சொன்னது சரி. ஆனால் அதை மட்டும் காரணமாக்கினால் முறிவு தவிர்க்க முடியாத விதியாகிவிடும். அப்படி நான் கருதவில்லை. 1965-இல் 2 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த அமெரிக்கப் பணவீக்கம் 1970-இல் 6 விழுக்காட்டை நெருங்கியது. வியட்நாம் போரும் உள்நாட்டு நலத் திட்டங்களும் ஒருசேர நடந்தன. வரி உயர்வு காலந்தாழ்ந்து வந்தது. டாலரைக் காக்க வட்டியை உயர்த்த வேண்டிய 1971 தொடக்கத்தில், வேலையின்மை 6 விழுக்காடு, அடுத்த ஆண்டு தேர்தல் என்ற நிலையில் அமெரிக்க வட்டி இறங்கியிருந்தது; ஜெர்மனியில் அது உயரமாக இருந்தது. பணம் எங்கே போகும் என்று கேட்கத் தேவையில்லை. 1931-இல் லண்டன் 4.5-ஐத் தாண்ட மறுத்த அதே காரணம் இங்கும் இருந்தது. ஆனால் லண்டன் குறைந்தபட்சம் ஓர் அமைச்சரவையைப் பலிகொடுத்துப் பார்த்தது. வாஷிங்டனைக் கட்டாயப்படுத்த எந்தப் பொறியும் இல்லை. நிதியத்திடம் கடன் கேட்டு வரும் நாட்டைத்தான் நிதியம் கண்டிக்க முடியும். தன் கடனைத் தன் நாணயத்திலேயே அச்சிட்டுத் தரும் நாட்டை யார் கண்டிப்பது?

1949-இல் 2,400 கோடி டாலருக்கு மேல் இருந்த அமெரிக்கத் தங்கம் 1971 கோடையில் 1,000 கோடி டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. வெளிநாட்டு அரசுகளிடம் இருந்த டாலர்கள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகஸ்ட் 13 வெள்ளிக்கிழமை கேம்ப் டேவிட் மாளிகையில் நிக்சன் தன் ஆலோசகர்களைக் கூட்டினார். மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸ் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்துவதை எதிர்த்தார். நிதியமைச்சர் கானலியின் கை ஓங்கியது. ஞாயிறு இரவு அறிவிப்பில் 90 நாள் கூலி-விலை முடக்கமும் 10 விழுக்காடு இறக்குமதிக் கூடுதல் வரியும் சேர்ந்திருந்தன. அந்த வரி, மற்ற நாடுகள் தங்கள் நாணயங்களை உயர்த்தும்வரை நீடிக்கும் நெருக்குதல். பவுண்டை விட்ட பிரிட்டன் தன் தோல்வியைத் தானே ஏற்றது; டாலரை விடுவித்த அமெரிக்கா சரிசெய்யும் வேலையை மற்றவர்களிடம் தள்ளியது.

ஜப்பான் நிகழ்ந்ததை நம்ப மறுத்து, 360 யென் என்ற பழைய வீதத்தில் மேலும் இரு வாரம் டாலரை வாங்கிக் குவித்துவிட்டு ஆகஸ்ட் இறுதியில் கைவிட்டது. டிசம்பரில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் கூடிய பத்து நாடுகள் தங்கத்தை 38 டாலராக்கி, வீதங்களை மாற்றி, அசைவெல்லையை 2.25 விழுக்காடாக விரித்தன. வாக்குறுதிக்குப் பின்னால் தங்கமும் இல்லை, வட்டியை உயர்த்தும் எண்ணமும் இல்லை. எல்லையை விரிப்பதால் மட்டும் ஊகரின் கணக்கு மாறிவிடவில்லை. 1972 ஜூனில் பவுண்டு மிதந்தது. 1973 பிப்ரவரியில் டாலர் மறுபடி இறக்கப்பட்டது. மார்ச் 1 அன்று ஒரே நாளில் ஜெர்மன் மத்திய வங்கி 250 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டுச் சந்தையை மூடியது. சந்தை மீண்டும் திறந்தபோது முக்கிய நாணயங்கள் டாலருக்கு எதிராக மிதந்தன.

1931-இன் முறிவு மலிவான வட்டியையும் மீட்சியையும் கொண்டுவந்ததைப் போல 1973-இன் முறிவு கொண்டுவரவில்லை. முதலாவது, விலைகள் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இறுக்கமான கட்டை அவிழ்த்தது; இரண்டாவது, விலைகள் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ஏற்கெனவே தளர்ந்த கட்டை அவிழ்த்தது. 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நிதியத்தின் சட்டத் திருத்தம் தங்கத்தின் அதிகாரப்பூர்வ விலையை நீக்கியது. உறுப்பு நாடுகள் தம் நாணயத்தை மிதக்கவிடலாம், வேறொரு நாணயத்தோடு கட்டலாம், நாணயத் தொகுதியோடும் கட்டலாம். தங்கத்தோடு மட்டும் கட்டக் கூடாது.